உஷார்! கன்றுக்கு வயிற்றால் போனால் முதலில் கண்ணைப் பாருங்கள்

வீட்டில் பால்குடிக் கன்று இருக்கிறதா? அப்படியானால் இதைப் படித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

கழிச்சல் வந்த கன்று ஒரு வாரம் கிடந்து சாவதில்லை. நேற்று சாயங்காலம் துள்ளிய கன்று நாளை விடியும்போது விறைத்துக் கிடக்கும். பிறந்து நான்கு வாரம் வரைக்கும் இந்த ஆபத்து இருக்கிறது. இளங்கன்றின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். கடுமையாகப் பீச்சினால் ஒரே நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். முப்பது கிலோ கன்றுக்கு அது மூன்று லிட்டர். ஒரு குடம் தண்ணீர்கூட இல்லையே என்று நீங்கள் அலட்சியமாக நினைக்கலாம். அந்தக் கன்றுக்கு அதுதான் உயிர்.

சென்ற துலா மழைக் காலத்தில் அதியன்னூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். பெயர் வேண்டாம். நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வரைக்கும் இப்படித்தான் பல வீடுகள்: பின்புறம் ஒரு தொழுவம், அதில் ஒன்றோ இரண்டோ கலப்பினப் பசு, விடியும் முன்னே சங்கத்துக்குப் பால். இந்த வீட்டில் இரண்டாம் ஈற்றுப் பசு. கிடேரிக் கன்று, பிறந்து ஒன்பது நாள், எடை முப்பது கிலோ இருக்கும். நாலு நாளாக விடாத மழை, தொழுவத்துத் தரை காயவே இல்லை.

சாயங்காலம் கன்று மஞ்சளாகத் தண்ணியாகக் கழித்தது. அந்த வீட்டு அம்மா உடனே பாலை நிறுத்திவிட்டார். "பால் உள்ளே போனா இன்னும் போகும்லா" என்பது அவர் மாமியார் காலத்துப் பேச்சு. தன் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது நர்ஸ் சொல்லிக் கொடுத்த உப்பு சர்க்கரைத் தண்ணீர் நினைவுக்கு வந்தது. அதைக் கலந்து கொடுத்தார். ராத்திரி கழிச்சல் குறையவில்லை, கூடியது.

காலையில் கன்று நின்றது, ஆனால் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. கண் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. "ராத்திரி முழுக்க உறக்கமில்ல, அதான் கண்ணு குழிஞ்சிருக்கு" என்றார் வீட்டுக்காரர். மத்தியானம் தெம்புக்காகக் கருப்பட்டியும் கரைத்துச் சேர்த்தார்கள். சாயங்காலம் கன்று படுத்துவிட்டது, குடிக்க மறுத்தது. தலையை அண்ணாந்து பிடித்து, பாட்டிலை வாயில் வைத்து ஊற்றினார்கள். கன்று இருமியது. மறுபடியும் ஊற்றினார்கள். நடுராத்திரி காதும் காலும் சில்லிட்டன. விடிந்து டாக்டர் வந்து ரத்தக்குழாயில் மருந்து ஏற்றத் தொடங்கினார். பாதி பாட்டில் இறங்கும் முன்னே கன்று போய்விட்டது.

இதில் யாரும் அசட்டையாக இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விழித்துக் கிடந்து பார்த்தார்கள். ஆனால் கண் குழிந்ததைத் தூக்கமின்மை என்று படித்தார்கள். கொடுக்கக் கூடாததைக் கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதை நிறுத்தினார்கள்.

முதலில் கண்.

உடம்பில் நீர் வற்றும்போது விழி பின்னால் போகும். நல்ல கன்றுக்கு விழி இமையோடு ஒட்டி, பளபளப்பாக, நிறைந்து இருக்கும். கீழ் இமையை விரலால் மெல்லக் கீழே இழுங்கள். மூக்குப் பக்கத்து உள்மூலையில் விழிக்கும் இமைக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரியக்கூடாது! தெரிந்தால் அது எத்தனை மில்லிமீட்டர் என்று கண்ணளவில் எடுங்கள். பால்பாயிண்ட் பேனாவின் ரீஃபில் சுமார் மூன்று மில்லிமீட்டர் தடிமன். அதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். ரீஃபிலைக் கண்ணருகே கொண்டுபோய் அளக்க வேண்டாம், தாயே!

இரண்டு மில்லிமீட்டர் என்றால் இழப்பு தொடங்கிவிட்டது, உடல் எடையில் சுமார் நான்கு சதவீதம். நான்கு மில்லிமீட்டர் என்றால் ஏழு, எட்டு சதவீதம். ஆறு, ஏழு மில்லிமீட்டர் என்றால் பத்து, பன்னிரண்டு. அதற்குமேல் போனால் கன்று உங்கள் கையில் இல்லை. கால்நடை மருத்துவர்கள் கன்றுகளை அளந்து பார்த்துக் கண்ட கணக்கு இது. பல அறிகுறிகளையும் ஒப்பிட்டபோது நீரிழப்பைச் சரியாகக் காட்டியவை குழிந்த கண்ணும் கழுத்துத் தோலும்தான்.

அடுத்து கழுத்துத் தோல்.

கழுத்தின் பக்கவாட்டில், நடுப்பகுதியில், இரண்டு விரலால் தோலைப் பிடித்துத் தூக்குங்கள். கால் சுற்றுத் திருகி விடுங்கள். விட்டவுடன் எண்ணத் தொடங்குங்கள். நல்ல கன்றுக்கு இரண்டு விநாடிக்குள் தோல் படிந்துவிடும். நான்கு விநாடி மடிப்பாக நின்றால் கவலை. ஆறு விநாடி நின்றால் எட்டு சதவீதம் போயிருக்கிறது. ஆறு விநாடியும் தாண்டி மடிப்பு அப்படியே நிற்கிறதா? எண்ணுவதை நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

கண், தோல் இரண்டையும் சேர்த்தே பாருங்கள், ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். பால் போதாமல் மெலிந்துபோன கன்றுக்குக் கண்ணுக்குப் பின்னால் கொழுப்பே இருக்காது. கழிச்சல் இல்லாமலே கண் குழிந்திருக்கும், தோலும் தளர்ந்திருக்கும். அதனால் கன்று நன்றாக இருக்கும்போதே ஒருமுறை கீழ் இமையை இழுத்துப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், கழுத்துத் தோலையும் ஒருமுறை தூக்கி விடுங்கள். உங்கள் கன்றின் இயல்பு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. கண் குழியட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்! ஐந்து சதவீதம் வரைக்கும் நீர் போனாலும் சாதாரணக் கண்ணுக்கு எதுவும் பளிச்சென்று தெரியாது. முதல் தண்ணிச் சாணியைக் கண்டவுடனே கரைசல் கொடுக்கத் தொடங்க வேண்டும். வாய்வழிக் கரைசல் போதுமா, ஊசி வழியாக ஏற்ற வேண்டுமா என்று முடிவு செய்யத்தான் கண்ணும் தோலும்.

அந்த முடிவுக்கு மூன்றாவதாக ஒரு சோதனை உண்டு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஒரு விரலைக் கன்றின் வாயில் வையுங்கள். வாய் வெதுவெதுப்பாக இருக்கிறதா? விரலை இறுக்கிச் சப்புகிறதா? சப்பினால் வாய்வழியே காப்பாற்றலாம். சப்பாமல் வெறுமனே மெல்லுகிறது, அல்லது வாய் சில்லென்று இருக்கிறது என்றால் நிலைமை வேறு. கழிச்சலில் உப்பும் காரமும் வெளியே போய், ரத்தத்தில் புளிப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். குடித்துவிட்டவனைப் போலக் கன்று தள்ளாடும், பிறகு படுக்கும். ரத்தம் புளிக்கும்போது பொட்டாசியம் செல்லை விட்டு ரத்தத்துக்கு வந்து இதயத்தைத் தாக்கும். அந்த வீட்டில் பாதி பாட்டில் இறங்குவதற்குள் கன்று போனதற்கு இது காரணமாக இருந்திருக்கலாம்.

இப்போது சர்க்கரைக்கு வருகிறேன். நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தப்பு இது.

பிள்ளைக்குக் கொடுப்பது கன்றுக்கு ஆகாது!

மனிதக் குழந்தையின் குடல் சர்க்கரையை உடைத்துக்கொள்ளும். கன்றின் குடலில் அதற்கான நொதி இல்லை. கன்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸைத்தான் உடைக்கத் தெரியும். நீங்கள் கொடுக்கும் வெள்ளைச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எதுவானாலும் உடையாமல் குடலிலேயே கிடக்கும். கிடந்தால் சும்மா இருக்குமா? உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். கழிச்சலுக்கு மருந்து என்று கொடுத்தது கழிச்சலைக் கூட்டும். முதல் சில வாரத்துக் கன்றுக்கு அரிசிக் கஞ்சித் தண்ணீரும் ஏறத்தாழ அதே கதைதான், மாவுச்சத்தை அது செரிக்க இன்னும் நாளாக வேண்டும். மாதுளந்தோல், கொய்யா இலை, கட்டன் சாயா என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைமருந்து உண்டு. கொடுப்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் அது எதுவும் போன தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுக்காது.

கன்றுக்குக் குளூக்கோஸ்தான் வேண்டும். குளூக்கோஸ் உடைய வேண்டியதில்லை. குடல் சுவரில் அது உப்பைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப் போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். கழிச்சல் ஓடிக்கொண்டிருக்கும்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. 1971-இல் வங்கதேசப் போரின்போது பான்காவ் அகதி முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்கு மருந்து பாட்டில் தீர்ந்துபோனபோது டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்த வழியைத்தான் நம்பினார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளூக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா. நூற்றுக்கு முப்பது பேர் செத்த இடத்தில் நான்கு பேருக்கும் குறைவாகச் சாவு இறங்கியது. பிற்காலத்தில் மனிதர்களுக்கான பொட்டலத்தில் சோடாவுக்குப் பதில் சிட்ரேட் வந்துவிட்டது. கன்றுக்குச் சோடா இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும், அதன் ரத்தப் புளிப்பை முறிக்க.

மாட்டாஸ்பத்திரியிலோ கால்நடை மருந்துக் கடையிலோ கன்றுகளுக்கென்றே கரைசல் பொட்டலம் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. பின்புறம் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கலக்குங்கள். கெட்டியாகக் கலந்தால் சீக்கிரம் குணமாகும் என்று தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். கெட்டிக் கரைசல் தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும், உப்பு ஏறி வலிப்பும் வரும்.

ராத்திரி பதினொரு மணி, பொட்டலம் இல்லை என்றால் வீட்டிலேயே கலக்கலாம். கொதிக்கவைத்து, கன்றின் உடல் சூட்டுக்கு ஆறிய தண்ணீர் இரண்டு லிட்டர். அதில் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் உப்பு, தலைதட்டிய ஒன்றரை டீஸ்பூன் சமையல் சோடா, நாற்பது கிராம் குளூக்கோஸ் பொடி. குளூக்கோஸ் தலைதட்டிய நான்கு மேசைக்கரண்டி வரும். குவித்து அள்ளாதீர்கள்! கைப்பிடி, சிட்டிகை என்ற கணக்கு இங்கே உதவாது. ருசி சேர்த்த குளூக்கோஸ் பாக்கெட்டில் சர்க்கரை கலந்திருக்கும், அது வேண்டாம். டெக்ஸ்ட்ரோஸ் என்று மட்டும் எழுதியிருப்பதை வாங்குங்கள்.

சோடா வாங்கும்போது இன்னும் ஒரு உஷார். நம் எல்லைப்பக்கத்துக் கடைகளில் அப்பக்காரமும் கிடைக்கும், அலக்குகாரமும் கிடைக்கும். அப்பத்துக்கும் ஆப்பத்துக்கும் போடுவதுதான் நமக்கு வேண்டியது. அலக்குகாரம் துணி துவைக்கிற சோடா. அதைக் கலந்தால் கன்றின் வாயும் குடலும் வெந்துவிடும். பையனைக் கடைக்கு அனுப்பினால் வந்ததும் பொட்டலத்தை ஒருமுறை நீங்களே பாருங்கள்.

எதுவுமே கிடைக்கவில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிய பிள்ளைகளுக்கான ஓஆர்எஸ் பொட்டலம் மட்டும் இருக்கிறது என்றால், டாக்டர் வரும்வரை அதைக் கொடுங்கள். அதில் இருப்பது குளூக்கோஸ்தான். கன்றுக்குப் புளிப்பை முறிக்கும் சக்தி அதில் குறைவு, ஆனாலும் சர்க்கரைத் தண்ணீரைவிட எவ்வளவோ மேல்.

எவ்வளவு கொடுப்பது? அந்தக் கிடேரியையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் நாள் காலை, "உறக்கமில்ல" என்று சொன்ன அந்த நேரத்தில், யாராவது இமையை இழுத்துப் பார்த்திருந்தால் நான்கு மில்லிமீட்டர் குழிவு இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு சதவீதம். முப்பது கிலோவில் எட்டு சதவீதம் என்றால் கிட்டத்தட்ட இரண்டரை லிட்டர் ஏற்கெனவே போய்விட்டது. அன்றாடம் உடம்புக்கு வேண்டியது இன்னொரு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். கழிச்சலில் மேலும் போகப்போவது ஒன்றோ இரண்டோ லிட்டர். மொத்தம் அன்றைக்குள் ஆறு லிட்டர் வாய்க்குள் போக வேண்டும்.

ஒரே மூச்சில் அல்ல! காலை ஆறு மணிக்கு ஒரு லிட்டர் பால். ஒன்பதுக்கு ஒரு லிட்டர் கரைசல். பன்னிரண்டுக்குப் பால். மூன்று மணிக்குக் கரைசல். ஆறுக்குப் பால். ராத்திரி ஒன்பதுக்குக் கரைசல். மூன்று லிட்டர் பால், மூன்று லிட்டர் கரைசல். கணக்கு முடிந்தது. மறுநாள் காலை மறுபடி இமையை இழுத்துப் பாருங்கள். இடைவெளி குறைந்திருந்தால் சரியான வழியில் போகிறீர்கள். கழிச்சல் உடனே நிற்காவிட்டாலும் பதறாதீர்கள், கண் நிறைந்து வருகிறதா என்பதே முக்கியம்.

பாலை ஏன் நிறுத்தக்கூடாது என்று கேட்பீர்கள். மூன்று லிட்டர் கரைசலில் உள்ள மொத்தக் குளூக்கோஸ் அறுபது கிராம். அரை லிட்டர் பாலின் தெம்புகூட அதில் இல்லை. பாலை நிறுத்தினால் கன்று பட்டினி கிடக்கும். ஒன்பது நாள் கன்றின் உடம்பில் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது, மழைக் குளிரில் உடல் சூட்டைக் காக்கவே அது தீர்ந்துவிடும். தாய்ப்பசுவிடம் விட்டால் குடிக்கட்டும். ஆனால் சோடா சேர்ந்த கரைசலையும் பாலையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. கன்றின் நாலாம் வயிற்றில் பால் திரிந்து கட்டியாவதைச் சோடா கெடுக்கும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

கொடுக்கும் விதத்திலும் உயிர் இருக்கிறது. கன்று நிற்கட்டும், அல்லது நெஞ்சை ஊன்றி உட்காரட்டும். நிப்பிள் பாட்டில் நல்லது. மூக்கு கண்ணின் மட்டத்துக்குமேல் போகக் கூடாது. தானாகச் சப்பிக் குடிக்க வேண்டும். சப்பாத கன்றின் வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். அந்த வீட்டுக் கன்று இருமியது நினைவிருக்கிறதா? கழிச்சலில் தப்பித்தாலும் நிமோனியாவில் போயிருக்கும். சப்பாத கன்றுக்கு வயிற்றுக்குக் குழாய் விடுவதும் ரத்தத்தில் ஏற்றுவதும் தெரிந்தவர் வேலை. மூங்கில் குழாயை எடுக்காதீர்கள்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்துங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள்:

விரலைச் சப்பவில்லை.
எழுப்பினாலும் நிற்கவில்லை, அல்லது தள்ளாடுகிறது.
வாய், காது, கால் சில்லென்று இருக்கின்றன. தெர்மாமீட்டரில் 100 டிகிரிக்குக் கீழே காட்டுகிறது.
கண் குழிவு நான்கு மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது. தோல் மடிப்பு ஆறு விநாடிக்குமேல் நிற்கிறது.
சாணியில் ரத்தம் அல்லது காய்ச்சல் 103 டிகிரிக்கு மேல்.
இரண்டு வேளை கரைசல் போயும் கண்ணில் மாற்றமில்லை.
பிறந்து ஐந்து நாள்கூட ஆகாத கன்று. இந்த வயதில் வரும் ஈகோலைக் கழிச்சல் ஒரு ராத்திரியில் முடித்துவிடும். காத்திருக்கவே கூடாது!

மெடிக்கல் கடையில் மனிதருக்கான வயிற்றுப்போக்கு நிறுத்தும் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். வெளியே போக வேண்டிய விஷத்தை அது குடலுக்குள் பூட்டும். போன தடவை மாடு பிழைத்த ஊசிமருந்து மிச்சமிருக்கிறதே என்று அதையும் எடுக்காதீர்கள். ஒரு வாரம், இரண்டு வாரக் கன்றுக்கு வரும் கழிச்சலில் பெரும்பங்கு ரோட்டா, கொரோனா வைரஸ்களும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமியும். அவற்றை ஆன்டிபயாடிக் தொடாது. எப்போது தேவை என்று டாக்டர் சொல்லட்டும்.

அந்தக் கிரிப்டோஸ்போரிடியம் மனிதரையும் விடாது. கழியும் கன்றைக் கட்டிப்பிடித்து விளையாடும் பிள்ளைக்குச் சில நாட்களில் அதே வயிற்றுப்போக்கு வரலாம். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் தொழுவத்திலிருந்து தள்ளி வையுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சானிடைசர் இந்தக் கிருமியைக் கொல்லாது. கழியும் கன்றை மற்றவற்றிலிருந்து பிரித்து, காய்ந்த வைக்கோல் போட்டு, காற்றடிக்காத இடத்தில் கட்டுங்கள். அதைக் கடைசியாகக் கவனித்துவிட்டு வெளியே வாருங்கள். அங்கிருந்து நேராக நல்ல கன்றிடம் போகக் கூடாது.

இப்போதே எழுந்து போய் ஒரு டப்பாவில் குளூக்கோஸ், உப்பு, அப்பக்காரம், ஒரு டீஸ்பூன், ஒரு தெர்மாமீட்டர், ஒரு நிப்பிள் பாட்டில் போட்டுத் தொழுவத்துப் பக்கம் வையுங்கள். உங்கள் மாட்டாஸ்பத்திரி நம்பரையும், நடமாடும் கால்நடை மருத்துவத்துக்கான 1962 என்ற எண்ணையும் அதன் மூடியில் எழுதி ஒட்டுங்கள்.